சாட்டில் எழுதிய ராஜினாமா: நீளமா, சுருக்கமா?

சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருக்கும் ஒருவருக்கு, மனைவியின் வேலை காரணமாக ஜெர்மனி போக வேண்டிய நிலை. 60 நாள் நோட்டீஸ். அவர் தன் லீடுக்கு சாட்டில் தட்டி வைத்திருந்தது இது:

"அண்ணா, விசா வந்துருச்சு. ஏப்ரல் நடுவுல கிளம்பணும், பேப்பர் போடலாம்னு இருக்கேன். நோட்டீஸ் கொஞ்சம் குறைக்க முடியுமா? ரிக்ரெஷன் எல்லாம் யாருக்காவது சொல்லிக் கொடுத்துடறேன்."

அண்ணாவுக்கு இது போதும். எச்ஆருக்குப் போதாது. "போடலாம்னு இருக்கேன்" என்பதை வைத்து நோட்டீஸ் கணக்கு தொடங்காது.

இதை ராஜினாமா மெயிலாக இரண்டு விதமாக மாற்றினோம். (அனுப்புவது ஆங்கிலத்தில்தான், அமைப்பு தெரிவதற்காகத் தமிழில்.)

நீள வடிவம்: "கனத்த மனதுடன் எழுதுகிறேன். இங்கே கற்றவை ஏராளம். குடும்பச் சூழலால் வெளிநாடு செல்வதால், ஏப்ரல் 17 அன்று விடுவித்தால் பணியிலிருந்து விலக விரும்புகிறேன்…" இதற்கு மேல் நன்றி இரண்டு பத்தி, பாதி முடிந்த டெஸ்ட் கேஸ்களின் பட்டியல் ஒன்று.

சுருக்க வடிவம்: "மார்ச் 2 முதல் என் ராஜினாமாவைத் தெரிவிக்கிறேன். 60 நாள் நோட்டீஸ்படி கடைசி வேலை நாள் ஏப்ரல் 30. குடும்பத்துடன் வெளிநாடு செல்கிறேன்.

ஏப்ரல் 17 அன்று விடுவிக்க முடியுமா எனக் கேட்டுக்கொள்கிறேன். மீதி 13 நாளை விடுப்பிலோ நோட்டீஸ் தொகையிலோ சரிசெய்துகொள்ளலாம். பணி ஒப்படைப்புத் திட்டத்தைத் தனியே அனுப்புகிறேன். நன்றி."

மரியாதையில் இரண்டும் ஒன்றுதான். நீள வடிவத்தில் சிக்கல் "விடுவித்தால்" என்ற சொல். 17 முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டால், ராஜினாமா கொடுத்தாரா இல்லையா என்பதே கேள்வியாகிவிடும். சுருக்க வடிவத்தில் ஒப்பந்தப்படியான தேதி முதலில் நிற்கிறது, கோரிக்கை தனிப் பத்தியில் வருகிறது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டாலும் ஏப்ரல் 30 அப்படியே இருக்கும். மெயில் அனுப்பும் நாளையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தத் தேதி. மறுநாளிலிருந்து எண்ணும் கம்பெனியில் மே 1 ஆகும். அதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஜெர்மனி, மனைவியின் கம்பெனி இதெல்லாம் எதற்கு? "குடும்பத்துடன் வெளிநாடு" போதும்.

நீள வடிவத்துக்கு ஒரு நியாயம் உண்டு: ஒப்படைப்பை அது மறக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் எச்ஆருக்குப் புரியாது, அடுத்த வாரமே மாறியும் விடும். லீடுக்கு அனுப்பும் தனி ஷீட்டில் விரிவாக எழுதலாம்: எந்த ஸ்கிரிப்ட் காரணமே இல்லாமல் சில சமயம் ஃபெயில் ஆகும், எந்தத் திறந்த பக் இவருடைய பழைய போனில் மட்டும் வருகிறது என்று. இவர் விஷயத்தில் முக்கியமான வரி ஒன்று: டெஸ்ட் லாகின் மூன்றுக்கு ஓடிபி இவருடைய சொந்த சிம்முக்கே வருகிறது. அதை மாற்றாமல் விமானம் ஏறினால், ரிலீஸ் அன்று டீமில் யாராலும் உள்ளே நுழைய முடியாது.

என் ஓட்டு சுருக்க வடிவத்துக்கு. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பிறகே அனுப்பவும். அதே நாளில் எச்ஆர் போர்ட்டலிலும் பதிவு செய்துவிட வேண்டும், ஏனெனில் பல இடங்களில் போர்ட்டல் தேதியைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள்.