200 கிராம் ரீஃபில், 100 கிராம் பாட்டில்: குன்னூரில் இன்ஸ்டன்ட் காபிக் கணக்கு

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்தும் தோழி தீபாவளிக்கு முந்தின வாரம் போன் செய்தாள். "அக்கா, நீங்க வருஷக்கணக்கா அதே இன்ஸ்டன்ட் காபிதானே வாங்குறீங்க? பாட்டில் வாங்கவா, ரீஃபில் வாங்கவா, இல்ல பத்து ரூபா பாக்கெட்டே போதுமா? ஆஃபர் வேற போட்டிருக்கான்." போனில் சொன்னது பாதி. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. 70 பங்கு காபி, 30 பங்கு சிக்கரி, பால் காபிக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். என் பேச்சு விலையைப் பற்றியது.

2025 செப்டம்பர் 22 முதல் இன்ஸ்டன்ட் காபிக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. 348 ரூபாய்க்கு விற்ற 100 கிராம் பாட்டில் இப்போது 310. பழைய விலையை 118ஆல் வகுத்து 105ஆல் பெருக்கினால் 309.66 வருகிறது. ஆக, குறைத்ததில் கள்ளத்தனம் இல்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். பத்து ரூபாய் பாக்கெட்டில் மட்டும் விலை அப்படியே நிற்கிறது. எட்டு ரூபாய் தொண்ணூறு காசு என்று போட்டால் எந்தக் கடையில் சில்லறை கொடுப்பார்கள்? அதனால் விலையை விட்டுவிட்டு எடையை ஏற்றியிருக்கிறார்கள்: 3.8 கிராம் இருந்தது 4.2 ஆகியிருக்கிறது.

இப்போது நூறு கிராமுக்கு என்ன விலை என்று பார்ப்போம். பாட்டில் 310. 50 கிராம் ரீஃபில் 140 ரூபாய், அதாவது நூறுக்கு 280. 200 கிராம் ரீஃபில் 500 ரூபாய், நூறுக்கு 250. பத்து ரூபாய் பாக்கெட்? பத்தை 4.2ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 238. எல்லாவற்றையும்விடச் சின்னது, எல்லாவற்றையும்விட மலிவு! தோழிக்கு இதைச் சொன்னதும் உடனே பத்து சரம் வாங்கிவிடுகிறேன் என்றாள். கொஞ்சம் பொறு என்றேன்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். காபியும் சிக்கரியும் கலந்து விற்றால் எவ்வளவு சதவீதம் என்று அச்சிட்டே ஆக வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த பிராண்டின் சின்ன பாக்கெட்டில் காபி 60, சிக்கரி 40 என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதே பெயர், அதே நிறம், உள்ளே வேறு கலவை. காபிக்கு மட்டும் எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்த்தால் 238ஐ 0.60ஆல் வகுக்க வேண்டும்: நூறு கிராம் காபி 397 ரூபாய். 200 கிராம் ரீஃபிலின் 250ஐ 0.70ஆல் வகுத்தால் 357. 50 கிராம் ரீஃபில் 400. ஆக, சின்ன பாக்கெட்டின் மலிவு சிக்கரியில் கரைந்துபோய் 50 கிராம் ரீஃபிலோடு சமமாகிவிடுகிறது. பெரிய பொட்டலங்களில் 'ஒரு கிராமுக்கு ₹2.50' என்று தனியாக அச்சிட்டிருப்பார்கள்; அதை நூறால் பெருக்கினால் போதும், கால்குலேட்டர் வேண்டாம். பத்து கிராமுக்குள் இருக்கும் பாக்கெட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, 200 கிராம் ரீஃபில்தான் கெட்டிக்காரத்தனம் என்று கணக்கு சொல்கிறது. என் கோபமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இவர்கள் விற்கும் பாட்டில் 100 கிராம் பிடிக்கும். அதற்கு விற்கும் பெரிய ரீஃபில் 200 கிராம். 100 கிராம் ரீஃபில் என்று ஒன்று கிடையவே கிடையாது! பாதியைப் பாட்டிலில் கொட்டிவிட்டு மீதியை என்ன செய்வது? பையில் ஜிப் இல்லை. கிழிக்கச் சொல்லி ஒரு வெட்டு வைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்து இழுத்தால் கோணலாகப் பாதிப் பைவரை போகிறது. துணி கிளிப் போட்டு வைக்கிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. குன்னூரில் விஷயம்தான். எங்களுக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் சமையலறைக்குள் வந்து நிற்கும். இன்ஸ்டன்ட் காபித் தூள் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். முதலில் கரண்டியில் ஒட்டும், அப்புறம் பையைச் சாய்த்தால் சரியாமல் மொத்தமாக நகரும். அந்தக் கட்டத்திலேயே சுதாரிக்காவிட்டால் அடியில் கருத்த பாறை.

இதில் பண்டிகை ஆஃபர் வேறு. தீபாவளிக்கு 200 கிராம் ரீஃபிலோடு 50 கிராம் கூடுதல், விலை அதே 500. நூறு கிராம் 200 ரூபாய். வருஷத்திலேயே குறைந்த விலை இதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆஃபர் வரும் மாதமும் மலையில் ஈரம் உச்சத்தில் இருக்கும் மாதமும் ஒன்று. வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 2 கிராம். ஒரு நாளைக்கு 8 கிராம் என்றால் 250 கிராம் ஒரு மாதத்துக்கு வரும். அந்த மாதம் முழுவதும் பை திறந்தபடிதான் கிடக்கிறது. போன ஐப்பசியில் கடைசியில் கட்டியானதைத் தராசில் வைத்தேன்: 60 கிராம். கட்டியானால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, வெந்நீரில் கரையத்தான் செய்கிறது. ஆனால் மணம் போய் வெறும் கசப்பு. நான் குடிக்கவில்லை. ஆக 500 ரூபாய்க்குக் கிடைத்தது 190 கிராம், நூறு 263. ஆஃபர் இல்லாத ரீஃபிலின் அச்சிட்ட விலையையே தாண்டிவிட்டது.

இதற்கு வழி இருக்கிறது. பை திறந்த அன்றே முழுவதையும் சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் பிரித்து, மூடியை இறுக்கி, ஒன்றை மட்டும் வெளியே வைக்க வேண்டும். கழுவிய பாட்டிலை அடுப்புப் பக்கம் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும், துடைத்தால் போதாது. கொதிக்கும் பாலுக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டும் பழக்கம் என் வீட்டுக்காரருக்கு உண்டு, அதையும் நிறுத்த வேண்டும். இவ்வளவும் செய்தால் ஆஃபர் பை லாபம்தான், நியாயமாகச் சொன்னால்.

டம்ளர் இலவசம் என்று வரும் பாட்டில் ஆஃபரைப் பற்றி ஒரு வரி: டம்ளர் வேண்டுமென்றால் பாத்திரக் கடைக்குப் போங்கள்.

"அப்ப மார்க்கெட்ல அரைச்சுத் தர்ற தூளே வாங்கிடலாமே" என்றாள் தோழி. அங்கே நூறு வாங்கினாலும் ஒரு கிலோ வாங்கினாலும் ஒரே விலை, நூறு கிராம் 75 ரூபாய், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் 75ஐயும் 250ஐயும் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஃபில்டருக்கு ஒரு டம்ளருக்கு 8 கிராம் போகும், 6 ரூபாய். இன்ஸ்டன்ட் 2 கிராம், 5 ரூபாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுக்கு நான் சொன்னது: விருந்தாளிகள் அறைக்குச் சின்ன பாக்கெட். யார் ஈரக் கரண்டியை விட்டாலும் கவலையில்லை. காலி உறையைத் தேயிலைத் தோட்டத்தில் வீசாமல் பார்த்துக்கொள்வது அவள் பாடு. சமையலறைக்கு ஆஃபர் ரீஃபில், பிரித்து வைக்கப் பாட்டில் இருந்தால்.

நானோ? கணக்கெல்லாம் ரீஃபில் பக்கம்தான், தெரியும். இருந்தாலும் நேராகக் கிழியாத அந்தப் பையோடு இன்னொரு மழைக்காலம் மல்லுக்கட்ட எனக்கு மனசில்லை. இந்த மாதம் 50 கிராம் பைதான் வாங்கியிருக்கிறேன், நூறுக்கு முப்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்து. 100 கிராம் ரீஃபிலை அவர்கள் எப்போது போடுகிறார்களோ, அப்போது பேசிக்கொள்ளலாம்.