அம்மாவின் முகத்தை டைல்ஸில் செய்து தருகிறோம் என்று 85,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

நேற்று இரவு என் நம்பரை ப்ளொக் செய்துவிட்டார்கள். இத்தனை நாளும் "பார்க்கிறோம் அண்ணே, சொல்கிறோம் அண்ணே" என்று இழுத்தவர்கள், காசைத் திருப்பிக் கேட்டதும் ஒரே இரவில் காணாமல் போய்விட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போட்டோவைக் கொடுத்தால் மொசைக் உருவப்படம் செய்து வீட்டுக்கு அனுப்பும் ஒன்லைன் வியாபாரம் அது. எங்களுக்குப் போனது 85,000 ரூபாய்.

நாங்கள் தலவாக்கலைப் பக்கம். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய நல்ல போட்டோ என்று இருப்பது ஒன்றுதான், தங்கச்சியின் கல்யாணத்தில் எடுத்தது. அதை இரண்டு தடவை பெரிதாக்கி ஃப்ரேம் போட்டு மாட்டினோம். இங்கே பனியும் ஈரமும் எப்படி என்று மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக்கு உள்ளேயே பூஞ்சணம் பிடித்து, இரண்டாவது படத்தில் அம்மாவின் கன்னம் வெள்ளை வெள்ளையாகப் போய்விட்டது. டைல்ஸ் என்றால் நிறம் போகாது, ஈரத் துணியால் துடைத்துவிடலாம் என்று நினைத்தோம். முதலாம் வருஷ திவசத்துக்கு இஸ்தோப்புச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது தங்கச்சியின் ஆசை.

நான் நம்பிய இடத்தைச் சொல்கிறேன். போட்டோவை அனுப்பி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, "சாம்பிள் பாருங்க அண்ணே" என்று ஒரு படம் வந்தது. அம்மாவின் முகம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள், நடுவே மெல்லிய சாம்பல் கோடுகள். மூக்குத்தி மினுங்கியது. சிரிக்கும்போது மேலுதட்டுக்குக் கீழே லேசாகத் தெரியும் அந்தப் பல்கூட இருந்தது. தங்கச்சி போனை வாங்கிப் பார்த்துவிட்டு அழுதேவிட்டாள். அந்த அழுகையோடு 50,000 ரூபாயை அன்றைக்கே வங்கியில் போட்டேன். "10 மில்லிமீட்டர் கண்ணாடி டைல், எல்லாம் கையால் ஒட்டுவது, அதனால்தான் இந்த விலை" என்றார்கள். அனுப்புவதற்கு முதல் மீதி 35,000 கேட்டார்கள். அதையும் போட்டேன்.

அந்தச் சாம்பிளை இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன், அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். உண்மையான டைல் என்றால் ஒரு துண்டுக்கு ஒரு நிறம்தான். இதில் கண்ணுக்குக் கீழே உள்ள ஒரே சதுரத்துக்குள் இடது பக்கம் வெளிச்சமும் வலது பக்கம் நிழலும் இருக்கிறது. கண்மணியின் வட்டம் நாலு சதுரத்துக்கு ஊடாக ஒரு வெட்டும் இல்லாமல் அப்படியே போகிறது. கோடுகள் எல்லாம் கன்னத்திலும் உதட்டிலும் ஒரே தடிப்பில், ஸ்கேல் வைத்துக் கீறினதுபோல ஓடுகின்றன. போட்டோவின் மேல் போனில் உள்ள செயலி ஒன்றால் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதில் டைல் என்று ஒன்றுமே இல்லை.

பார்சல் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பிரித்ததும் தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. அவளுடைய ஐந்து வயது மகன்தான் "இது யாரு?" என்று கேட்டான். அம்மாச்சியின் மடியிலேயே வளர்ந்த பிள்ளை.

எங்கள் மச்சான் டைல் பாஸ், ஹட்டன் டவுனில் வீடுகளுக்கு வேலை செய்கிறவர். அவர் வந்து டேப்பை வைத்து அளந்தார். பலகை 60க்கு 90 சென்டிமீட்டர், அது சரி. டைல் 10 இல்லை, 20 மில்லிமீட்டர். குளியலறைக்கு ஒட்டுகிற சாதாரண அளவு. இடையில் 2 மில்லிமீட்டர் இடைவெளி. அப்படியானால் குறுக்கே 27 டைல்தான் வரும். அதில் பாதி அகலம் முகம் என்றால் ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் 13 துண்டு, ஒரு கண்ணுக்கு இரண்டே துண்டு. இரண்டு சதுரத்தில் கண்ணின் வெள்ளையையும் கருமணியையும் இமையையும் எப்படிக் காட்டுவது? 10 மில்லிமீட்டர் டைலை ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால் முகத்துக்குக் குறுக்கே 26 வரும், கண்ணுக்கு ஐந்து வரும். ஐந்தில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று பிரித்துக் காட்டலாம்.

மச்சான் அப்புறம் சொன்னதுதான் நெஞ்சில் அறைந்தது. 10 மில்லிமீட்டரில் செய்தால் இந்தப் பலகைக்கு ஏறக்குறைய 4,000 துண்டு ஒட்ட வேண்டும். இதில் இருப்பது 1,100 சொச்சம். 4,000 துண்டின் கூலியை வாங்கிக்கொண்டு கால்வாசி வேலை செய்திருக்கிறார்கள்.

அதைவிட மோசம் கிரவுட், டைல்களின் இடைவெளியை நிரப்புகிற சாந்து. சுத்த வெள்ளைக் கிரவுட் போட்டிருக்கிறார்கள். அம்மா நல்ல கறுப்பு, வெயிலிலும் மழையிலும் மலையில் நின்ற நிறம். அந்த முகத்தின் மேல் வெள்ளைக் கோடு போனால் என்ன ஆகும்? வலைக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது. 20 மில்லிமீட்டர் டைலுக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலே பலகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கிரவுட்தான் என்று மச்சான் கணக்குப் போட்டுக் காட்டினார். அவ்வளவு வெள்ளையும் முகத்தில் கலந்தால் கறுப்பு வெளிறத்தானே செய்யும்.

அவர் வேறு ஒன்றும் செய்து காட்டினார். அடுப்புக் கரியைத் தண்ணீரில் குழைத்து, சுண்டு விரலால் இடது கன்னத்தின் கோடுகளில் மட்டும் மெதுவாக இழுத்தார். ஓர் உள்ளங்கை அளவு இடம்தான். வெள்ளைக் கோடு சாம்பலானதும், தனித்தனியாகச் சிதறிக் கிடந்த பழுப்புச் சதுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கன்னம் ஆகின. அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அம்மா தெரிந்தார். தங்கச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு மூட்டைக் கிரவுட்டின் நிறத்தைச் சரியாகத் தெரிந்திருந்தால் இவ்வளவாவது வந்திருக்கும். அந்த அக்கறைகூட அவர்களுக்கு இருக்கவில்லை.

மூக்குத்தியைச் சொல்ல வேண்டும். அம்மா வலது மூக்கில்தான் போட்டிருந்தார். பலகையில் அது இடது மூக்கில் இருக்கிறது, அதுவும் ஒரு முழு 20 மில்லிமீட்டர் மஞ்சள் டைல், ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி. டைல்ஸைக் காகிதத்தில் குப்புற ஒட்டி, பிறகு பலகையில் பதித்து, காகிதத்தை நனைத்து உரிப்பது ஒரு முறை. அப்படிச் செய்கிறவர்கள் படத்தை முதலிலேயே இடம் வலமாகத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். இவர்கள் திருப்பவில்லை. காகிதத்தைத் துண்டு துண்டாக ஒட்டியதில் இரண்டு துண்டு சேரும் இடத்தில் 4 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்திருக்கிறது. அது சரியாக உதட்டுக்குக் குறுக்கே போகிறது. அம்மாவின் சிரிப்பு அங்கேதான் இருந்தது.

போன் பண்ணினேன். முதல் நாள், "மொசைக் என்றால் அப்படித்தான் அண்ணே, தள்ளி நின்று பாருங்க." இஸ்தோப்பை விட்டு இறங்கி ரோட்டில் போய் நின்று பார்த்தேன். தெரியவில்லை. மூன்றாம் நாள், "லைட் போட்டுப் பாருங்க." மூக்குத்தியைக் கேட்டதற்கு, "அது டிசைன் அண்ணே." டைல் அளவைக் கேட்டதற்கு, 10 மில்லிமீட்டர் ஸ்டொக் இல்லை என்றார்கள். இல்லாவிட்டால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? அதற்குப் பிறகு வேறொரு பெடியன் எடுத்து, முதலாளி கண்டிக்குப் போயிருக்கிறார் என்றான். ஒரு கிழமை முழுக்க முதலாளி கண்டியிலேயே இருந்தார்.

தள்ளி நின்று பார்க்கச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நானும் மூன்று நாள் ஏமாந்தேன். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கும் சேர் விளக்கினார். 1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இருந்த லியோன் ஹார்மன் என்பவர், லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் சதுரங்களாக மட்டும் ஆக்கிக் காட்டினாராம். கிட்டப் பார்த்தால் வெறும் கட்டம். கண்ணைச் சுருக்கினாலோ தள்ளிப் போனாலோ சதுரத்தின் விளிம்புகள் மங்கி லிங்கன் தெரிவார். ஆனால் அதற்கு ஒவ்வொரு சதுரமும் அந்த இடத்தின் வெளிச்சத்தையும் இருட்டையும் சரியாக எடுத்திருக்க வேண்டும். எங்கள் பலகையில் முகத்துக்கே மூன்று பழுப்புத்தான். கன்னத்துக்கும் தாடையின் கீழ் நிழலுக்கும் ஒரே டைல். நிழல் இல்லாத முகம் நூறு அடி தள்ளிப் போனாலும் முகமாகாது. இத்தனைக்கும் சேர்தான் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "யாரோ ஓர் அம்மா என்று தெரிகிறது, உங்கள் அம்மா இல்லை" என்றார்.

85,000 ரூபாய். தங்கச்சியும் அம்மா மாதிரிக் கொழுந்துதான் எடுக்கிறாள். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்தால் அது 63 நாள். முழு நாளும் வேலை செய்து முழுப் பேர் விழுந்த 63 நாள். அவளுடைய பங்கு அதில் பாதிக்கு மேல்.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். சாம்பிள் படத்தைப் பெரிதாக்கி, ஒரு டைலுக்குள் ஒரு நிறம்தானா என்று பாருங்கள். முகத்துக்குக் குறுக்கே எத்தனை துண்டு வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கண்ணும் மூக்கும் மட்டும் ஒட்டி முடித்ததும், கிரவுட் போடுவதற்கு முதல் ஒரு போட்டோ கேளுங்கள், பக்கத்தில் டேப் வைத்து எடுத்தது. கறுப்பு முகத்துக்கு வெள்ளைக் கிரவுட் வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். மரத்தூளை அமுக்கிச் செய்கிற எம்டிஎஃப் பலகையில் ஒட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். எங்களுடையதை ஒரு கிழமைதான் இஸ்தோப்பில் சாத்தி வைத்தோம், கீழ் ஓரம் பிஸ்கட் ஊறின மாதிரி ஊதி நாலு டைல் விழுந்துவிட்டது. பில் இல்லாமல் காசு போடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, ஆனால் கையில் பில் இருந்தால்தான் பேச வலு இருக்கும். என்னிடம் இருப்பது வங்கி ஸ்லிப் இரண்டு மட்டும்.

தங்கச்சியின் போனில் அவர்களுடைய ஒன்லைன் பக்கம் இன்னும் திறக்கிறது. அம்மாவின் சாம்பிள் படத்தை அவர்கள் செய்த வேலை என்று முதலாவதாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்று காலை யாரோ ஒருவர் அதன் கீழே, "எங்கள் அப்பாவுக்கும் இப்படிச் செய்ய எவ்வளவு?" என்று கேட்டிருந்தார்.