முதுகோரம் நசுங்கும் எழுத்துகள்: கண்ணாடியா, கட்டமா, கட்டளையா?

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடைக்கும் மாத இதழ்த் தொகுப்புகளில் பல பக்கத் தையல் போட்டவை. ஓராண்டு இதழ்களை அடுக்கி, முதுகிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஊசி குத்தித் தைத்து, மேலே காலிகோத் துணி ஒட்டியிருப்பார்கள். கட்டு உறுதிதான். ஆனால் விரித்து வைத்தால் தாள் முதுகோரம் சட்டென்று கீழே சரியும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக எடுத்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆருக்குக் கொடுத்தால், இடப்பக்கத்தில் ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு சொற்களும் வலப்பக்கத்தில் முதல் இரண்டு சொற்களும் குளறுபடியாக வரும்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகளைச் சொல்வார்கள்: கண்ணாடி வைத்து அழுத்துவது, ஸ்கேன் டெய்லர் என்ற நிரலில் கையால் கட்டம் பொருத்துவது, வளைவைத் தானாக நேராக்கும் page-dewarp போன்ற கட்டளை நிரலிடம் விட்டுவிடுவது. எது நல்லது என்று பார்க்கும் முன் ஒரு விஷயம். வளைவு செய்யும் கேடு ஒன்றல்ல, இரண்டு. வரி வளைவது ஒன்று, எழுத்து அகலத்தில் நசுங்குவது இன்னொன்று. கண்ணில் படுவது முதலாவது. ஓசிஆரைக் கெடுப்பதில் பெரிய பங்கு இரண்டாவதற்கு.

என் மேசையில் இருக்கும் தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். திருப்பாதிரிப்புலியூர் வீடு ஒன்றிலிருந்து வந்தது. கேமரா தாளுக்கு நேர்மேலே 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. முதுகோரம் தாள் 1.5 செ.மீ. தாழ்கிறது. தள்ளிப்போனது சிறிதாகத் தெரியும் என்பதால், அந்த இடம் ஏறக்குறைய 3 சதவீதம் சுருங்கிப் படத்தின் நடுவை நோக்கி நகர்கிறது. நடுவிலிருந்து 10 செ.மீ. மேலே உள்ள வரி முதுகோரம் 3 மி.மீ. கீழே இறங்கும், அதே தூரம் கீழே உள்ள வரி 3 மி.மீ. மேலே ஏறும். இதழில் வரிக்கு வரி 6 மி.மீ. என்றால் அது அரை வரி. ஆனால் பக்கத்தின் நட்டநடு வரி வளையவே வளையாது.

அந்த நடு வரியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அதில் வரியின் மத்தியில் இருக்கும் 'என்று' 44 பிக்சல் அகலம். முதுகோரம் அதே சொல் 27 பிக்சல். விகிதம் 0.61, அதாவது தாள் அங்கே ஏறக்குறைய 52 பாகை சரிந்திருக்கிறது. வரி ஸ்கேல் வைத்தாற்போல நேராக இருந்தும் எழுத்து முக்கால்கூட இல்லை. தமிழில் இதற்கு விலை அதிகம். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன ஆகிவிடும். துணைக்காலும் ர-வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கேமராவை ஒரு மீட்டருக்கு உயர்த்தினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். வரி வளைவு பாதியாகும், உண்மைதான். நசுங்கல் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அது சாய்வுக் கோணத்தால் வருவது, உயரத்தால் அல்ல. இதிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. page-dewarp வரிகள் எவ்வளவு வளைந்திருக்கின்றன என்பதை வைத்துத்தான் தாளின் வடிவத்தை ஊகிக்கிறது. வளைவை நீங்களே குறைத்துவிட்டால் அதற்குத் துப்பும் குறைந்துவிடுகிறது.

page-dewarp ஒரு தாளின் குறுக்குவெட்டை ஒரே கனவளைகோடாக வைத்துக்கொள்கிறது. இரு ஓரமும் ஒரே மட்டத்தில் இருப்பதாகக் கொள்கிறது. மெல்ல மேடாகும் தாளுக்கு அது பொருந்தும். இரண்டு பக்கமும் சேர்ந்த படத்தைக் கொடுத்தால் நடுவில் இருக்கும் கூரிய பள்ளத்தை அந்த வளைகோட்டால் வரையவே முடியாது. ஆகவே முதலில் முதுகுக் கோட்டில் வெட்டி இடம், வலம் என்று தனித்தனியாக்க வேண்டும். தொகுப்பின் தொடக்கத்தில் இடப்பக்கம் ஒல்லியான அடுக்கு, வலப்பக்கம் தடியான அடுக்கு. இரண்டின் வளைவும் ஒன்றல்ல என்பதும் இன்னொரு காரணம். வெட்டிக் கொடுத்த பிறகும் பக்கத் தையல் தாளில் கடைசிச் சரிவை அது முழுதாகப் பிடிக்கவில்லை. 27 பிக்சல் 33 ஆனது, அவ்வளவுதான். வரிகள் என்னவோ அழகாக நேராகிவிட்டன. அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. செய்யுள் பக்கத்தில், குறளடி சிந்தடியாக வரிகள் பாதியில் நிற்கும்போது, ஊகிக்கவே போதிய வரி கிடைக்காமல் தடுமாறும். மடிப்பு வழியே நூல் தையல் போட்டு நன்றாக விரியும் உரைநடைப் புத்தகம், முந்நூறு பக்கம், ஒரே ராத்திரியில் ஓட்டிவிட வேண்டும் என்றால் இதுவே போதும்.

ஸ்கேன் டெய்லரில் வேலை அதிகம், பிடிமானமும் அதிகம். பக்கங்களைப் பிரிப்பது அதன் ஆரம்பப் படிகளிலேயே வந்துவிடுகிறது. கடைசிப் படியில் பக்கத்தின் மேல் நீலக் கட்டம் ஒன்று தோன்றும். மேல் கோட்டை முதல் வரியின் மீதும் கீழ்க் கோட்டைக் கடைசி வரியின் மீதும் படியவைத்து, முதுகோரம் மட்டும் கூடுதலாக இரண்டு மூன்று புள்ளிகள் போட்டு இழுக்க வேண்டும். அப்புறம் Depth perception என்று ஒரு நழுவுபட்டை. பலர் அதைத் தொடுவதே இல்லை. நசுங்கிய அகலத்தை எவ்வளவு விரிப்பது என்று தீர்மானிப்பது அதுதான். நடு வரியின் இரண்டு 'என்று'களும் ஒரே அகலத்துக்கு வரும்வரை அதை நகர்த்துங்கள். என் பக்கத்தில் 27, 42 வரை வந்தது. அடுத்தடுத்த பக்கங்களின் வளைவு கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் அந்த அளவைப் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் 27 பிக்சலில் இருந்ததைத்தான் 42-க்கு நீட்டுகிறோம். படம் எடுத்தபோதே மூன்றாவது சுழி மங்கிப்போயிருந்தால் எந்த நிரலும் அதைத் திருப்பித் தராது. இங்கேதான் கண்ணாடி ஜெயிக்கிறது. 4 அல்லது 5 மி.மீ. கண்ணாடியை ஒரு பக்கத்தின் மீது மட்டும் மெதுவாகப் படியவைத்து, புத்தகத்தை 100 பாகை அளவுக்கே திறந்து, கேமராவை அந்தப் பக்கத்துக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். விளக்கு பக்கவாட்டில் 45 பாகையில் இருந்தால் கண்ணாடி மினுங்காது. எழுத்து முழு அகலத்தோடு கேமராவிலேயே விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்காற்று ஏறி நெளிந்துபோன தாளுக்கும் இதுதான் வழி. மற்ற இரண்டும் தாள் ஒரு திசையில் மட்டும் வளைந்திருப்பதாகக் கருதுபவை, ஆங்காங்கே பொங்கிய நெளிவு அவற்றுக்குப் புரியாது.

குறை என்ன? எல்லா இடப்பக்கமும் ஒரு சுற்று, எல்லா வலப்பக்கமும் ஒரு சுற்று என்று வேலை இரட்டிப்பாகும். பழந்தாள் தையல் ஓரத்தில் மொறுமொறுவென்று ஒடியும். "அமுக்காதீங்க சார், தையல் நிக்கும், தாளு நிக்காது" என்று பைண்டர் ஒருவர் சொன்னது வெறும் பயமுறுத்தல் அல்ல. மடிப்பில் விரிசல் தெரிந்தால் கண்ணாடியை எடுத்துவிட்டு, கேமராவை மட்டும் எதிர்ப்பக்கமாக நகர்த்துவேன்: இடப்பக்கம் எடுக்கும்போது வலப்பக்கத்துக்கு மேலிருந்து. சரிவு கேமராவை நேருக்கு நேர் பார்க்கும், நசுங்கல் பெருமளவு குறையும். மிச்ச வளைவு ஸ்கேன் டெய்லருக்கு.

இந்தத் தொகுப்புக்கு என் தேர்வு அந்தக் கலப்புதான். நேராக்கிய பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் tesseract என்ற ஓசிஆர் நிரலில் தனியாக ஓட்ட வேண்டும்:

```
tesseract idam.png idam -l tam --psm 6
tesseract valam.png valam -l tam --psm 6
```

சோதிக்க முழுப் பக்கத்தையும் படிக்க வேண்டாம். இடப்பக்கத்தில் வரிக் கடைசிச் சொற்களையும் வலப்பக்கத்தில் வரி முதற்சொற்களையும் மட்டும் கண்ணோட்டிப் பாருங்கள். ண வர வேண்டிய இடத்தில் ன முதுகோரம் மட்டும் வந்தால் அகலம் இன்னும் போதவில்லை. பக்கம் முழுக்க அப்படி வந்தால் குற்றம் வளைவில் இல்லை, தேய்ந்த அச்சிலோ மங்கிய மையிலோ இருக்கிறது; கட்டத்தை இழுத்துப் பயனில்லை.