காலணியும் இயர்போனும் ஒரே 25 சதவீதமா? சிஓடி கலந்த ரிட்டர்ன் கணக்கு

ஆன்லைன் கடையின் மாத அறிக்கையில் காலணிக்கு 25 சதவீதம் ரிட்டர்ன், இயர்போனுக்கும் 25 சதவீதம் என்று வருகிறது. இரண்டு சரக்கிலும் ஒரே அளவு குறை என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் திரும்பி வரும் பார்சல் இரண்டு வகை. ஒன்று, வாசலிலேயே மறுக்கப்பட்டு அல்லது ஆள் கிடைக்காமல் திரும்புவது. மற்றொன்று, வாங்கிப் பார்த்துப் பிடிக்காமல் வாடிக்கையாளர் அனுப்புவது. பணம் முன்பே கட்டியவர் வாசலில் மறுப்பது அரிது. பார்சல் கைக்கு வரும்போது பணம் கட்டும் சிஓடியில் மறுத்தால் வாங்குபவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அதனால் முதல் வகை அங்கேதான் குவிகிறது.

கணக்குக்காக எண்களை இப்படி வைத்துக்கொள்வோம். இரண்டு பிரிவிலும் அனுப்பியது 1000 ஆர்டர். காலணியில் சிஓடி 300, இயர்போனில் 800. டெலிவரி ஆகாமல் திரும்புவது இரண்டிலும் ஒரே அளவு: முன்பணத்தில் 2 சதவீதம், சிஓடியில் 25 சதவீதம். கைக்குப் போன பிறகு காலணியில் 18 சதவீதம் திரும்புகிறது, இயர்போனில் 6 சதவீதம்.

காலணியில் வாசலோடு திரும்பியது 14-ம் 75-மாக 89. மீதி 911 ஜோடியில் 164 திரும்புகின்றன. மொத்தம் 253. இயர்போனில் வாசலோடு 204, டெலிவரி ஆன 796-ல் 48. மொத்தம் 252. ஏறக்குறைய ஒரே எண். ஆனால் காலணியில் பெரும்பங்கு சரக்கின் பிரச்சினை, இயர்போனில் பெரும்பங்கு பணம் கட்டும் முறையின் பிரச்சினை. இதைப் பார்க்காமல் இயர்போன் சப்ளையரிடம் தரம் சரியில்லை என்று சண்டை போடுவது வீண் வேலை.

சரி, எந்தக் கணக்கை எடுப்பது?

முதல் வழி, திரும்பிய எல்லாவற்றையும் அனுப்பிய எண்ணிக்கையால் வகுப்பது. மேலே வந்த 25 இதுதான். இரண்டு வகைப் பார்சலுக்கும் போகவர கூரியர் செலவு உண்டு என்பதால், செலவைப் பார்ப்பவருக்கு இது சரியான எண். சரக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும் தவறான பதில் தரும்.

இரண்டாவது, டெலிவரி ஆனவற்றில் மட்டும் ரிட்டர்னைப் பார்ப்பது. 18-ம் 6-ம் பளிச்சென்று பிரிந்து தெரியும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, வகுக்கும்போது மேலே வாடிக்கையாளர் ரிட்டர்னை மட்டும் வைத்துவிட்டு, கீழே அனுப்பிய 1000-ஐயே விட்டுவிடுவது. இயர்போன் 4.8 சதவீதமாக இறங்கி, இருப்பதைவிட நல்ல பிள்ளையாகத் தெரியும். சிஓடி பங்கு கூடக்கூட இந்தச் சறுக்கலும் கூடும்.

சரியாக வகுத்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பார்சலைப் பிரித்துப் பார்த்து வாங்க அனுமதிக்கும் கடையில், நிறம் பிடிக்காதவர் அங்கேயே மறுத்துவிடுவார். பிறகு ரிட்டர்னாக வரவேண்டியது டெலிவரி ஆகாத கணக்கில் போய்விடும். கண்ணால் பார்த்தே தெரியும் குறை உள்ள பிரிவுகளில் இது அதிகம். காலணி அளவு போட்டு நடந்து பார்த்தால்தான் தெரியும், அதனால் அங்கே குறைவு. ஆக, ஒரு பிரிவில் ரிட்டர்ன் இறங்கும் அதே நேரம் வாசல் மறுப்பு ஏறினால், தரம் உயர்ந்தது என்று உடனே சொல்லிவிட முடியாது.

மூன்றாவது வழி, பிரிவையும் பணம் கட்டிய முறையையும் சேர்த்துப் பிரித்து, பிறகு எல்லாப் பிரிவுக்கும் ஒரே சிஓடி பங்கை வைத்துக் கணக்கிடுவது. காலணியில் முன்பண ஆர்டர் மொத்தமாகத் திரும்புவது 19.6 சதவீதம், சிஓடி 38.5. இயர்போனில் 7.9-ம் 29.5-ம். இரண்டுக்கும் பாதிக்குப் பாதி சிஓடி என்று வைத்தால் காலணி 29.1, இயர்போன் 18.7. ஒரே எண்ணாகத் தெரிந்தவற்றுக்கிடையே பத்துக்கு மேல் இடைவெளி. பிரிவுகளை வரிசைப்படுத்த இதையே நான் எடுப்பேன்.

ஆனால் இதை முன்கணிப்பாக எடுக்கக் கூடாது. சிஓடியை மூடினால் இயர்போன் ரிட்டர்ன் 7.9-க்கு வந்துவிடும் என்று சொல்வது அவசரம். சிஓடியில் வாங்குபவர் வேறு ஆள். அவர்களில் பலர் முன்பணம் கட்ட மாட்டார்கள், ஆர்டரே போட மாட்டார்கள். கட்டுபவர்களும் பழைய முன்பண வாடிக்கையாளர் போல நடந்துகொள்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்புறம், இப்படிப் பிரித்த ஒரு பகுதியில் நாற்பது ஐம்பது ஆர்டர்தான் இருந்தால் அந்தச் சதவீதம் மாதத்துக்கு மாதம் ஆடும். அதற்குச் சில மாதங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஆர்டர் போட்ட தேதியை வைத்தே தொகுக்க வேண்டும். திரும்பிய தேதியை வைத்தால், விற்பனை ஏறிய மாதத்தின் சிஓடி பார்சல்கள் அடுத்த மாத எண்ணைக் கெடுக்கும். பல முறை முயன்ற பிறகே பார்சல் திரும்பப் புறப்படுகிறது, கிடங்குக்கு வர இன்னும் நாள் ஆகும். ரிட்டர்ன் காலக்கெடு முடியாத, பாதி வழியில் நிற்கும் ஆர்டர்களைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு வகுக்கலாம்.