ஆறு இலக்க பின் எண்ணும் மடிக்கணினியின் டிபிஎம் சில்லும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சில ஆண்டுகளாக என் மடிக்கணினியில் லினக்ஸ் வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து, அதைத் திறக்க நீண்ட கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஆறு இலக்க பின் எண்ணையே பயன்படுத்தி வருகிறேன். இவ்வளவு சிறிய எண் போதுமா என்று கேட்பவர்களுக்காக, அது எதனால் போதுகிறது, எப்போது போதாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

வட்டைத் திறக்கும் சாவி, சாவிகளைக் காப்பதற்கென்றே தாய்ப்பலகையில் உள்ள டிபிஎம் 2.0 சில்லால் மட்டுமே பிரிக்கக்கூடிய வடிவில் பூட்டப்பட்டு, வட்டின் தலைப்பகுதியில் இருக்கிறது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அந்தச் சில்லு அங்கே இராது. ஆகவே பின் எண்ணை எவ்வளவு வேகமாக ஊகித்தாலும் பயனில்லை. ஒவ்வொரு ஊகத்தையும் இதே சில்லிடம்தான் கேட்டாக வேண்டும், சில்லோ தவறுகளை எண்ணிக்கொண்டே வருகிறது. லினக்ஸைத் தொடக்கி நிர்வகிக்கும் மென்பொருளான சிஸ்டம்டியில் பின் எண்ணுடன் பதிவுசெய்யும் வசதி 2022-இல் வந்தது. நான் பயன்படுத்திய கட்டளை இது:

```
systemd-cryptenroll --tpm2-device=auto --tpm2-pcrs=7 --tpm2-with-pin=yes /dev/nvme0n1p3
```

சில்லு எத்தனை தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் என்பது எல்லாக் கணினியிலும் ஒன்றல்ல என்பதால், பின் எண்ணின் நீளத்தை முடிவு செய்யும் முன் `tpm2_getcap properties-variable` கட்டளையை இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது. என் கணினியில் வந்த வரிகளில் முக்கியமானவை இவை:

```
TPM2_PT_LOCKOUT_COUNTER: 0x0
TPM2_PT_MAX_AUTH_FAIL: 0x20
TPM2_PT_LOCKOUT_INTERVAL: 0x258
```

அதாவது 32 தவறுகள் சேர்ந்ததும் சில்லு பூட்டிக்கொள்ளும். அதன்பின் மின்சாரம் பெற்றபடி 600 நொடிகள் கழிந்தால் ஒரு தவறு மன்னிக்கப்படும். விண்டோஸ் 10, 11 இரண்டும் இதே அளவுகளைத்தான் அமைக்கின்றன. மடிக்கணினியைத் திருடியவர் முதல் 32 ஊகங்களை உடனே செய்துவிடலாம். அதற்குப் பிறகு, சில்லின் பூட்டு நீக்க அதிகாரத்துக்குத் தனிக் கடவுச்சொல் வைக்கப்பட்டிருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒன்று, நாளொன்றுக்கு 144 ஊகங்கள் மட்டுமே. நான்கு இலக்கமென்றால் இருக்கும் 10,000 எண்களும் ஏறத்தாழ 70 நாட்களில் தீர்ந்துவிடும். பொறுமையுள்ள திருடனுக்கு அது பெரிய தடையன்று. ஆறு இலக்கமென்றால் 10 லட்சம் எண்களை முயல 19 ஆண்டுகள் ஆகும். நான் ஆறு இலக்கத்தைத் தேர்ந்தெடுத்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். பிறந்த தேதியையோ 123456 போன்றதையோ வைத்தால் முதல் 32 வாய்ப்புகளே போதும் என்பதால், எண்ணைப் பகடை உருட்டித் தேர்ந்தெடுத்தேன்.

நாள்தோறும் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியது, சரியான எண்ணை இட்டுத் திறந்துவிட்டாலும் தவறுகளின் எண்ணிக்கை உடனே பூச்சியம் ஆவதில்லை என்பது. காலம் கழியும்போதுதான் அது ஒவ்வொன்றாகக் குறையும். பின் எண்ணால் வட்டைத் திறந்த பிறகு, மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை வலுக்கட்டாயமாக நிறுத்தினால், அடுத்த தொடக்கத்தில் சில்லு அதையும் ஒரு தவறாகவே கணக்கிடுகிறது. தவறு பதிவாகும் முன் மின்சாரத்தைத் துண்டித்துத் தப்பிக்கும் தந்திரத்தை முறியடிக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே எண்ணை ஒருமுறைகூடத் தவறாக இடாதவர் கணினியிலும் எண்ணிக்கை ஒன்றோ இரண்டோ காட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. எண் தவறு என்றால் பிழைக்குறி 0x98e என்றும், சில்லே பூட்டிக்கொண்டது என்றால் 0x921 என்றும் வரும். இரண்டாவது நிலையில் சரியான எண்ணையும் சில்லு ஏற்காது. மீண்டும் மீண்டும் இட்டுப் பார்ப்பதை விட்டு, கணினியை இயக்கத்திலேயே வைத்துப் பத்து நிமிடம் காத்திருப்பதே வழி. மீட்புச் சாவியால் உள்ளே நுழைய முடிந்தால், சில்லின் பூட்டு நீக்க அதிகாரத்துக்குத் தனிக் கடவுச்சொல் வைக்கப்படாத கணினிகளில் `tpm2_dictionarylockout --clear-lockout` கட்டளை எண்ணிக்கையை உடனே அழித்துவிடும்.

பலர் கோட்டை விடுவது அந்த மீட்பு வழியில்தான். லினக்ஸ் வட்டுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் லக்ஸ் குறியாக்கத்தில் ஒரே வட்டைத் திறக்கப் பல வழிகள் இருக்கலாம். நிறுவும்போது கொடுத்த பழைய கடவுச்சொல் அப்படியே ஒரு வழியாக நிற்கும். அந்த வழிக்குச் சில்லின் காவல் இல்லை. வட்டைப் படியெடுத்தவர் எத்தனை கணினிகளை வைத்தும் அதை ஊகித்துக்கொண்டே இருக்கலாம், தடுப்பாரில்லை. ஆகவே `--recovery-key` கொண்டு நீண்ட மீட்புச் சாவியை உருவாக்கித் தாளில் எழுதி வீட்டில் வைத்தேன். அது வட்டைத் திறக்கிறதா என்று சோதித்த பிறகே பழைய கடவுச்சொல்லை `--wipe-slot=password` மூலம் நீக்கினேன். இந்த வரிசை மாறக் கூடாது. நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பான தொடக்கத்தின் அமைப்புகள் மாறும்போது, பின் எண் சரியாக இருந்தும் சில்லு சாவியைத் தர மறுக்கும். அப்போது மீட்புச் சாவியால் திறந்து, பழைய டிபிஎம் பதிவை நீக்கிவிட்டு மேலே உள்ள கட்டளையால் மறுபடி பதிவுசெய்ய வேண்டும்.

இந்தக் காவலெல்லாம் வட்டு பூட்டியிருக்கும் வரைதான். ஒருமுறை திறந்த பிறகு சாவி நினைவகத்தில் இருக்கிறது. மூடியைச் சாத்திக் கணினியை உறக்கநிலைக்கு அனுப்பினாலும் வழக்கமான அமைப்புகளில் அது அங்கேயே இருக்கும். அதனால் பயணத்தின்போது நான் மடிக்கணினியை முழுமையாக நிறுத்திய பிறகே பையில் வைக்கிறேன்.