"டெஸ்ட் எதுவும் வேண்டாம் சார்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்

அம்மாவுக்குப் போன வருடம் ஆகஸ்டில் மருத்துவக் காப்பீடு எடுத்தேன். இந்த மார்ச்சில் அவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. கேஷ்லெஸ் கார்டைக் கையில் வைத்துக்கொண்டே டிஸ்சார்ஜ் கவுண்டரில் 89,000 ரூபாய் கட்டினேன். கம்பெனி பெயரும் ஏஜென்ட் பெயரும் இங்கே எழுதப் போவதில்லை. பெயரைவிட என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

ஏஜென்ட் எங்கள் தெருக்காரர். அம்மாவுக்கு 65 வயது முடிய அப்போது மூன்று வாரம் இருந்தது. "அண்ணே, 65 தாண்டிட்டா எந்தக் கம்பெனியும் உள்ள விடாது, இப்பவே போட்டுடுங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரியும் என்பதால் பதறிவிட்டேன். உண்மையில் 2024 ஏப்ரலிலிருந்தே அந்த நிலைமை மாறிவிட்டது. எல்லா வயதினருக்கும் ஏதாவது ஒரு திட்டம் இருக்க வேண்டும் என்று காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு திட்டத்திலும் எல்லா வயதினரையும் சேர்க்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. திட்டத்துக்குத் திட்டம் நுழைவு வயது வேறுபடும். ஆனால் மூன்று வாரத்தில் கதவு மூடிவிடும் என்று அவர் சொன்னது பொய். அந்த அவசரத்தில்தான் மற்ற எல்லாமே நடந்தது.

அவர் காட்டியது இரண்டு திட்டங்கள். ஒன்றில் பாலிசி தருவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் உண்டு. இன்னொன்றில் எதுவும் கிடையாது. "அம்மாவை எதுக்கு அலைய விடணும்? இதுல டெஸ்டே இல்ல, ரெண்டு நாள்ல பாலிசி வந்துடும்" என்று இரண்டாவதைத் தள்ளினார். கிளெய்மில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டிய கோ-பே பற்றி நானே கேட்டேன். "அது நெட்வொர்க்ல இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான்" என்றார். சரி, நாம் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்குத்தானே போகப் போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

ப்ரொபோசல் பாரத்தை அவரே டேப்லெட்டில் நிரப்பினார். அம்மாவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. அதை நான் சொன்னேன். "மாத்திரைதானே, இன்சுலின் இல்லையே" என்றபடி 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டார். பார்த்துக்கொண்டே சும்மா இருந்தது என் தப்பு. அடுத்த நாள் கம்பெனியிலிருந்து உறுதிப்படுத்தும் அழைப்பு வந்தது. பதிவாகும் அழைப்பு அது. "எது கேட்டாலும் சரின்னு சொல்லுங்கம்மா" என்று அவர் சொல்லி வைத்திருந்தார். சமையலறையில் குக்கர் கத்திக்கொண்டிருக்க, அம்மா எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். சர்க்கரை உண்டா என்ற கேள்விக்கும் அதே அவசரத்தில் "இல்லைங்க". பிற்பாடு நான் சண்டை போட்டபோது கம்பெனி எடுத்து நீட்டியது இந்தப் பதிவைத்தான்.

மார்ச்சில் அறுவை சிகிச்சை நடந்தது. விபத்து என்பதால், நோய்களுக்குக் கிளெய்ம் கேட்க முடியாத ஆரம்பக் காத்திருப்புக் காலம் குறுக்கே வரவில்லை. மொத்த பில் 2,64,000. அதில் கையுறை, ரெஜிஸ்ட்ரேஷன், என் சாப்பாடு என்று காப்பீட்டில் வராதவை 14,000. மிச்சம் 2,50,000. அதில் 30 சதவீதம், அதாவது 75,000, கோ-பே என்று கழித்துவிட்டு 1,75,000-க்குத்தான் ஒப்புதல் வந்தது. ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில்தான் இருந்தது. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் பாலிசியைத் திருப்பிக் காட்டினார். ஏற்கப்படும் ஒவ்வொரு கிளெய்மிலும் 30 சதவீதம் காப்பீடு எடுத்தவருடையது என்று ஒரே வரி. எந்த ஆஸ்பத்திரி, என்ன நோய் என்ற பேச்சே அதில் இல்லை. இதுதான் கட்டாயக் கோ-பே. ஐந்து லட்சம் கவரேஜ் என்று மனதில் ஒரு தொகை இருக்கும். ஐந்து லட்சத்துக்குக் கிளெய்ம் வந்தால் ஒன்றரை லட்சம் நம் கையிலிருந்து போகும். ப்ரீமியம் குறைவாக இருந்ததற்குக் காரணமும் அதுதான்.

நான் தாமதமாகத் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம் உண்டு. பல திட்டங்களில் கோ-பே வருவது நாம் எந்த வயதில் சேர்ந்தோம் என்பதை வைத்து. அறுபதுக்கு முன் சேர்ந்து விடாமல் புதுப்பித்து வந்தவருக்கு எழுபதிலும் கோ-பே இருக்காது. அறுபத்தொன்றில் சேர்ந்தவருக்குக் கடைசிவரை இருக்கும். பெற்றோருக்கு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது நடக்கிறதென்றால் இந்த ஒரு வரியை மட்டும் பாலிசியில் தேடிப் பாருங்கள். மொத்தப் பாலிசியையும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால், அதோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் கோ-பே தனியாகப் போட்டிருக்கும். எனக்கும் அது மெயிலில் வந்திருந்தது. திறந்துகூடப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முப்பது நாள் அவகாசமும் இருந்தது. அதுவும் போனது.

டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் எழுதிய கேஸ் ஷீட்டில் 'ஒன்பது வருடமாகச் சர்க்கரை' என்று இருந்தது. கம்பெனி உடனே, முதலில் எப்போது கண்டுபிடித்தார்கள், சீட்டு எங்கே என்று கேள்வி அனுப்பியது. அதற்குப் பதில் கொடுத்து ஒப்புதல் வர ஒன்றரை நாள் ஆனது. எலும்பு முறிவுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் இல்லாததால் கிளெய்ம் தப்பியது. ஆனால் மறைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. சர்க்கரைக்கும் அதனால் வரும் சிக்கல்களுக்கும், மறைத்தது கம்பெனிக்குத் தெரியவந்த நாளிலிருந்து புதிதாகக் காத்திருப்புக் காலம் போடுவதாகவும், அதற்கு எங்கள் சம்மதம் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தால் அதிகபட்சம் மூன்று வருடம், அதில் ஏழு மாதம் இப்போது கழிந்திருக்கும். அன்றைக்கு டெஸ்ட் எடுத்திருந்தால் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையிலேயே சர்க்கரை தெரிந்திருக்கும். ப்ரீமியத்தைக் கூட்டியிருப்பார்கள், அல்லது முடியாது என்றிருப்பார்கள். தெரிந்தே எடுத்துக்கொண்ட பிறகு, மறைத்துவிட்டாய் என்று யாரும் கடிதம் எழுத முடியாது. டெஸ்ட் வேண்டாம் என்ற திட்டத்தில் அந்தச் சோதனை கிளெய்ம் அன்றைக்கு நடக்கிறது, அதுவும் நோயாளி படுக்கையில் இருக்கும்போது.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன், ஐஆர்டிஏஐ-யின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதிந்தேன். ஏஜென்ட் சொன்னது வாய்வார்த்தை, பாலிசியில் இருப்பது எழுத்து, இதோ அழைப்புப் பதிவு என்று பதில் வந்தது. காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகக் கட்டணம் கிடையாது. ஆனாலும் 30 சதவீதம் அச்சில் இருக்கும்போது அங்கே போய் என்ன வாதாடுவது என்று விட்டுவிட்டேன். வாட்ஸ்ஆப்பில் அவர் அந்த நெட்வொர்க் விளக்கத்தை எழுதிக் கொடுத்திருந்தால் போயிருப்பேன். நீங்கள் ஏஜென்டிடம் பேசுவதாக இருந்தால் போனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

இப்போது பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்ற, அதாவது போர்ட் செய்ய, விண்ணப்பித்திருக்கிறேன். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பதால் ஜூன் இறுதியிலேயே கொடுத்தேன். இந்த முறை பாரத்தை நானே நிரப்பினேன். சர்க்கரை, மாத்திரையின் பெயர், எலும்பில் வைத்த பிளேட் வரை எல்லாம் எழுதினேன். கோ-பே இல்லாத திட்டம்தான், ஆனால் ப்ரீமியம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. போன வாரம் காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில், ஒரு பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனான். அம்மா கையை நீட்டிக்கொண்டே, "இதுக்குத்தானா அந்தத் தம்பி அவ்வளவு பயந்தான்?" என்றார். எடுப்பார்களா, மறுப்பார்களா என்று பதில் இன்னும் வரவில்லை.