2,600 ரூபாய் காப்பி டிஸ்ப்ளேயோடு 14 மாதம்: கேலக்ஸி ஏ52 அனுபவம்

போன மாதம்தான் அந்த போனை விற்றேன். டிஸ்ப்ளே உடைந்து கடையில் மாற்றியதிலிருந்து விற்ற நாள் வரை சரியாக 14 மாதம் அதையே தினமும் பயன்படுத்தினேன். யூடியூபில் பெரும்பாலும் மாற்றிய அன்றே எடுத்த வீடியோக்கள்தான் இருக்கின்றன. அன்று எல்லாமே நன்றாகத்தான் தெரியும், அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். அதனால் இதை எழுதுகிறேன்.

போன் சாம்சங் கேலக்ஸி ஏ52. இதைச் சொல்வது முக்கியம். ஏனென்றால் இதில் அமோலெட் டிஸ்ப்ளே, கைரேகை சென்சாரும் டிஸ்ப்ளேக்கு அடியில்தான் இருக்கிறது. வேறு மாதிரி போனாக இருந்தால் என் அனுபவமும் வேறு மாதிரி இருந்திருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குக் கட்டட வேலை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சைட். கான்கிரீட் போடும் நாளில் போன் கீழே விழுந்து கண்ணாடி முழுக்க விரிசல். உள்ளே படம் தெளிவாகத் தெரிந்தது, டச்சும் வேலை செய்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் 7,400 ரூபாய் சொன்னார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 2,600. "ஓஜி மாதிரியே இருக்கும் சார், காம்போ முழுசா மாத்திடுறோம்" என்றார் கடைக்காரர். காம்போ என்றால் கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றும் சேர்ந்த ஒரே பாகம். 4,800 ரூபாய் மிச்சம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் போட்டது இன்செல். அந்த வார்த்தையே எனக்கு அப்போது தெரியாது.

இன்செல் என்றால் எல்சிடி. அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும். எல்சிடியில் பின்னால் ஒரு விளக்குப் பலகை எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், முன்னால் இருக்கும் புள்ளிகள் அந்த வெளிச்சத்தைத் திறந்து மூடும், அவ்வளவுதான். என் 14 மாதத் தொல்லையில் முக்கால்வாசி இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் வந்தது.

முதலில் கைரேகை. கடையிலேயே பதிவு செய்து பார்த்தேன், ஏறவில்லை. "கேலிப்ரேஷன் பண்ணணும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார். போனேன், ஒரு மணி நேரம் ஏதோ செய்துவிட்டு, சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். சரியாகவே இல்லை, ஆகவும் ஆகாது. ஏ52-இல் இருப்பது ஒளியை வைத்துப் படமெடுக்கும் சென்சார். விரலை வைத்ததும் அந்த இடத்தில் டிஸ்ப்ளே பளிச்சென்று ஒளிர்கிறது, விரலில் பட்ட வெளிச்சம் திரும்பி, அமோலெட் புள்ளிகளுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகக் கீழே இருக்கும் சென்சாருக்குப் போகிறது. எல்சிடியில் அந்த வழியை விளக்குப் பலகையும் அதன் பின்னால் இருக்கும் பளபளப்பான தாளும் அடைத்துவிடுகின்றன. சென்சார் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அதன் கண்ணைக் கட்டியாகிவிட்டது. சென்சாரைப் புது டிஸ்ப்ளேக்கு ஏற்றபடி சரிசெய்யும் கேலிப்ரேஷன் என்பதும் பொய்யான வார்த்தை இல்லை. ஒரிஜினல் மாற்றினாலும் அதைச் செய்ய வேண்டி வரும். ஆனால் வெளிச்சமே போகாத இடத்தில் எதை கேலிப்ரேட் செய்வது?

முகத்தைக் காட்டித் திறக்கலாமே என்று கேட்பீர்கள். போன் திறக்கும். ஆனால் ஏ52-இன் முகம் பார்க்கும் வசதி முன் கேமரா எடுக்கும் சாதாரணப் படத்தை நம்பியது, என் பேங்க் ஆப் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் பின் நம்பர் அடித்துத்தான் உள்ளே போக வேண்டும். டீக்கடை கவுண்டரில் நாலு பேர் பக்கத்தில் நிற்கும்போது ஆப்பைத் திறக்க ஒரு பின், பணம் அனுப்ப இன்னொரு பின். 14 மாதமும் இதுதான். மற்றதையெல்லாம் சகித்துக்கொண்டேன், இது மட்டும் கடைசி நாள் வரை உறுத்தியது.

அடுத்தது வெளிச்சம். என் வேலையே வெயிலில் நின்று போனில் டிராயிங் பார்ப்பது. ஏ52-இன் ஒரிஜினல் டிஸ்ப்ளே வெயிலில் 800 நிட்ஸ் வரை போகும் என்பது நிறுவனம் சொன்ன கணக்கு. என்னிடம் அளக்கும் கருவி இல்லை, ஆனால் சைட்டில் இன்னொருவரிடம் அதே ஏ52 ஒரிஜினல் டிஸ்ப்ளேயோடு இருந்தது. மதியம் இரண்டு போனையும் முழு வெளிச்சத்தில் வைத்து ஒரே டிராயிங்கைத் திறந்தோம். அவர் போனில் கம்பி இடைவெளி அளவுகள் நின்ற இடத்திலேயே படிக்க முடிந்தது, என் போனைச் சட்டைக்குள் மறைத்து வைத்துத்தான் படித்தேன். கொஞ்சம் சாய்த்தால் இன்னும் வெளிறிப்போகும். ராத்திரியில் இதற்கு நேர் எதிர்: எவ்வளவு குறைத்தாலும் கறுப்பு கறுப்பாக இருக்காது, சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒளிரும். பூட்டிய திரையில் மணி மட்டும் காட்டும் வசதியைப் போட்டால் முழுத் திரையும் மினுங்கும். மணி காட்டும் நாலு எழுத்துக்காகப் பின்னால் மொத்த விளக்கும் எரிந்தாக வேண்டுமே. டார்க் மோடில் கிடைத்துக்கொண்டிருந்த சார்ஜ் மிச்சமும் அதனாலேயே போனது. முன்பு ராத்திரி பத்து வரை தாங்கியது சாயங்காலம் ஏழுக்கே சார்ஜருக்கு வந்தது. அதில் பாட்டரி பழசானதும் ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் மாற்றிய முதல் வாரமே வித்தியாசம் தெரிந்தது.

டச் முதல் மூன்று மாதம் குறை சொல்லும்படி இல்லை. அப்புறம் வலது ஓரம் அடங்க ஆரம்பித்தது. சாம்சங் போனில் டயல் பேடில் *#0*# என்று அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும், அதில் TOUCH என்பதைத் தொட்டால் கட்டங்கள் வரும், விரலை ஓட்ட ஓட்டப் பச்சையாகும். எனக்கு வலது ஓரத்தில் கீழிருந்து மூன்று கட்டங்கள் கடைசி வரை பச்சையாகவில்லை. டைப் செய்யும்போது அந்தப் பக்கத்து எழுத்து விட்டுப்போகும், இரண்டாவது தடவை அழுத்தமாகத் தொட்டால்தான் வரும். சார்ஜ் போட்டுக்கொண்டே பயன்படுத்தினால் இன்னொரு கூத்து: தொடாமலே தானாக ஸ்க்ரோல் ஆகும், ஒரு தடவை தானாகவே யாருக்கோ கால் போய்விட்டது. போனோடு வந்த சார்ஜரில் குறைவாகவும் காரில் இருக்கும் மலிவு சார்ஜரில் அதிகமாகவும் வந்தது. ஒயரைப் பிடுங்கினால் நின்றுவிடும். சார்ஜரில் இருந்து வரும் மின் இரைச்சலை வடிகட்டும் திறமை அந்தக் காப்பி டச் சிப்பில் குறைவு என்று புரிந்துகொண்டேன்.

சாஃப்ட்வேர் அப்டேட் போடவும் ஒவ்வொரு தடவையும் பயமாகத்தான் இருந்தது. 2018-இல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது, வெளியில் டிஸ்ப்ளே மாற்றிய சில ஐபோன் 8-களில் டச்சே வேலை செய்யாமல் போனது. அப்புறம் 11.3.1-இல் ஆப்பிள் அதைச் சரிசெய்தது, ஒரிஜினல் அல்லாத டிஸ்ப்ளேக்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று அந்த அப்டேட் குறிப்பிலேயே எழுதியது. எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை, என்றாலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

எட்டாவது மாதம் கீழ் மூலையில் கண்ணாடி சட்டத்தை விட்டுத் தூக்க ஆரம்பித்தது, நகம் நுழையும் அளவுக்கு. எல்சிடி அமோலெட்டை விடத் தடிமன். மெல்லிய டிஸ்ப்ளேக்காக அளவெடுத்த பள்ளத்தில் அது முழுசாக உட்காராது, பசைதான் பிடித்துக்கொண்டிருக்கும். கடையில் மறுபடி கம் வைத்து, ரப்பர் பேண்ட் சுற்றி ராத்திரி முழுக்க வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் திரும்பவும் தூக்கியது. ஏ52 தண்ணீர் தாங்கும் ஐபி67 போன், ஆனால் கடையில் பிரித்த அன்றே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. மழை நாளில் பிளாஸ்டிக் கவரில்தான் வைத்திருந்தேன்.

கடைசியில் விற்பனை. எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் எல்லாம் நல்ல நிலை என்று போட்டபோது 8,000 காட்டியது. வீட்டுக்கு வந்தவர் தன் ஆப்பை ஏற்றி டச் கட்டங்கள், கைரேகை, நிறம் என்று வரிசையாகச் சோதித்தார். கைரேகையில் நின்றது. கறுப்புத் திரையை வைத்து உள்ளங்கையால் நிழல் கட்டிப் பார்த்தார், ஓரத்தில் வெளிச்சம் கசிந்ததும் "எல்சிடி போட்டிருக்கு அண்ணா" என்றார். 3,500-க்கு இறங்கியது. அதாவது 4,500 போனது, நான் மிச்சப்படுத்தியதாக நினைத்தது 4,800. அந்த முந்நூறு ரூபாய்க்குத்தான் இத்தனை நாள் வெயிலில் சட்டைக்குள் தலையை விட்டுப் படித்திருக்கிறேன். விற்பதற்கு முன் ஒரிஜினல் போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். 7,400 செலவழித்து 4,500 திரும்ப வாங்குவதில் அர்த்தமில்லை.

இதை வைத்து எல்லாக் காப்பி டிஸ்ப்ளேயும் குப்பை என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் போன் பிறப்பிலேயே எல்சிடி, கைரேகை பக்கவாட்டு பவர் பட்டனில். அதற்கு 1,400 ரூபாய் காம்போ போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நிறம் கொஞ்சம் நீலமாக இருக்கிறது, மற்றபடி பிரச்சினை இல்லை. சென்சார் டிஸ்ப்ளேயைச் சார்ந்து இல்லாததால் கைரேகை பழையபடியே வேலை செய்கிறது. உங்கள் போனில் சென்சார் டிஸ்ப்ளேக்கு அடியில் இருந்தால், கடைக்காரரிடம் "ஒரிஜினலா" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இன்செல்லா, ஓஎல்இடியா" என்று கேளுங்கள். அமோலெட்டும் ஓஎல்இடி வகைதான். காப்பியிலேயே ஓஎல்இடி கிடைக்கிறது, விலை நடுவில் இருக்கும், அதில் கைரேகை வேலை செய்ய வாய்ப்பு உண்டு. எதைப் போட்டாலும் பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே புதிதாக ஒரு விரலைப் பதிவு செய்து, கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து இருட்டில் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. என் பழைய டிஸ்ப்ளேயில் உடைந்தது மேல் கண்ணாடி மட்டும்தான். படமும் டச்சும் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் பிரித்து வேறு ஒட்டும் இயந்திரம் வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. பிரிக்கும்போது பேனல் செத்துப்போகும் ஆபத்து உண்டு, அதை முன்பே சொல்லிவிட்டுத்தான் வாங்குவார்கள். ஆனால் பிழைத்துவிட்டால் ஒரிஜினல் பேனல் அப்படியே இருக்கும். என் பேனலை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன், அவர்களும் ஒன்றும் சொல்லாமல் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். அப்படிப் படம் நன்றாக வரும் உடைந்த அமோலெட் பேனலுக்குத் தனி விலை இருக்கிறதாம். மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.